நைஸ்மித்தின் ஆறரை மணி நேரம்

"மூணு மணிக்கெல்லாம் காருக்குத் திரும்பிடலாம்." இப்படிச் சொன்னது நான்தான். சொன்ன இடம் ஸ்காட்லாந்தில் கிரியன்லாரிக் பக்கத்தில், பென் மோர் மலையின் அடிவாரம். அக்டோபர் மூன்றாவது வாரம், காலை பதினோரு மணி. ஆன்சைட்டுக்குப் போயிருந்த நாங்கள் நாலு பேர். காருக்குத் திரும்பியபோது மணி ஆறு இருபத்தைந்து. சூரியன் ஆறு மணிக்கே மறைந்துவிட்டது. கடைசி அரை மணி நேரம் செல்போன் வெளிச்சத்தில்தான் நடந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூட வந்த தம்பி ஒருத்தன் காரில் ஏறினதும், "அண்ணே, உங்க கணக்குல எங்கயோ பக் இருக்கு" என்றான்.

நான் கணக்கு இல்லாமல் சொல்லவில்லை. மலை நடையில் ஆர்வம் உள்ளவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கட்டைவிரல் கணக்கு இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இதற்கு நைஸ்மித் விதி என்று பெயர். அந்த 'பக்' எங்கே என்று தேடப் போனபோது, விதி பிறந்த கதைக்குள் நுழைந்துவிட்டேன். அதில் ஒரு வேடிக்கை: நாங்கள் இருட்டில் தடுமாறின அதே மலைகளில் நடந்த ஒரு நடையோடுதான் இந்த விதி முதலில் அச்சேறியது.

யார் இந்த நைஸ்மித்?

பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருபவர் ஜேம்ஸ் நைஸ்மித். அவர் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர், வேறு ஆள். நம்மவர் வில்லியம் வில்சன் நைஸ்மித். 1856-ல் கிளாஸ்கோ பக்கத்திலுள்ள ஹாமில்டனில் பிறந்தவர். தொழில் கணக்காளர். 1889 ஜனவரியில் 'கிளாஸ்கோ ஹெரால்டு' பத்திரிகைக்கு, ஸ்காட்லாந்துக்கென்று ஒரு மலையேற்றச் சங்கம் வேண்டும் என்று கடிதம் எழுதினார். அந்த வருடமே ஸ்காட்டிஷ் மவுண்டனீரிங் கிளப் உருவானது. 1935-ல் காலமானார்.

அந்தச் சங்கம் ஒரு இதழ் நடத்தியது. 1891-ல் அதில் ஹ்யூ மன்றோ ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களின் பட்டியலை வெளியிட்டார். சிகரங்களின் உயரம் வரிசையாகக் கைக்குக் கிடைத்துவிட்டது. ஆர்டினன்ஸ் சர்வேயின் வரைபடமும் இருக்கிறது. தூரத்தை வரைபடத்தில் அளக்கலாம், ஏற்றத்தைக் கூட்டிப் பார்க்கலாம். ஒரு கணக்காளருக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்து மூன்றாவது எண் ஒன்றைப் பெறத் தோன்றாமல் இருக்குமா?

1892-ல் அதே இதழில் நைஸ்மித் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கட்டுரைகூட இல்லை, ஒரு நாள் நடையைப் பற்றிய குறிப்பு. குருவாக் ஆர்ட்ரெயின், ஸ்டோப் பின்னெயின், பென் மோர் என்று மூன்று சிகரங்களை ஒரே நாளில் ஏறி இறங்கியிருக்கிறார். தூரம் 10 மைல். மொத்த ஏற்றம் 6,300 அடி. சின்னச் சின்ன ஓய்வுகளையும் சேர்த்து ஆறரை மணி நேரம். இது ஒரு எளிய சூத்திரத்தோடு சரியாகப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டு, சூத்திரத்தைக் கொடுக்கிறார்: வரைபடத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம்.

போட்டுப் பார்த்தேன்.

```
10/3 + 6300/2000 = 3.33 + 3.15 = 6.48
```

6.48 மணி என்றால் 6 மணி 29 நிமிடம். அவர் சொன்னது ஆறரை. ஒரே நிமிட வித்தியாசம்!

ஒரே ஒரு நடையிலிருந்து வந்த விதியா?

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பல இடங்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது, நைஸ்மித் அந்த மூன்று சிகர நடையிலிருந்து விதியைக் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடுகிறார்கள். அது முடியாத காரியம். விதியில் தெரியாத எண்கள் இரண்டு: சமதள வேகம் ஒன்று, ஏறும் வேகம் ஒன்று. ஒரு நடை தருவது ஒரே ஒரு சமன்பாடு. பத்தாம் வகுப்புக் கணக்குதான் இது. மாறி இரண்டு, சமன்பாடு ஒன்று என்றால் விடை எண்ணற்றது.

உதாரணமாக, மணிக்கு இரண்டரை மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மைலுக்கு 4 மணி நேரம். மிச்சம் இரண்டரை மணி நேரத்தில் 6,300 அடி ஏறவேண்டும், அதாவது மணிக்கு 2,520 அடி. இந்த ஜோடியும் ஆறரை மணிக்கு அச்சாகப் பொருந்துகிறது. மணிக்கு 4 மைல், 1,575 அடி என்று எடுத்தாலும் பொருந்தும். அந்த ஒரு நாளை மட்டும் வைத்து இவற்றில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே மூன்றும் இரண்டாயிரமும் வேறு நடைகளிலிருந்து வந்திருக்க வேண்டும். நைஸ்மித்தின் குறிப்பையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நடை சூத்திரத்தோடு 'பொருந்துகிறது' என்றுதான் அவர் சொல்கிறார். கையில் ஏற்கெனவே இருந்த ஒரு கணக்கைப் புதிய ஒரு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நம் பாஷையில் சொன்னால், அந்த நடை டெஸ்ட் கேஸ், டெவலப்மென்ட் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எத்தனை நடைகளைப் பார்த்து அந்த எண்களுக்கு வந்தார் என்பது அந்தச் சின்னக் குறிப்பில் இல்லை.

அந்த எண்களில் சரக்கு இருந்தது என்பதற்குச் சாட்சி நூறு வருடம் கழித்து வந்தது. 3 மைல் என்பது 15,840 அடி. அதை 2,000-ஆல் வகுத்தால் 7.92. அதாவது நைஸ்மித் கணக்குப்படி ஒரு அடி ஏறுவது சமதளத்தில் சுமார் 8 அடி நடப்பதற்குச் சமம். 1990-களின் கடைசியில் பிலிப் ஸ்கார்ஃப் என்ற புள்ளியியலாளர் பிரிட்டனின் மலையோட்டப் பந்தயங்களின் நேரப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். ஓடுபவர்களின் வேகம் வேறு. ஆனாலும் ஏற்றத்துக்கும் தூரத்துக்குமான அந்த விகிதம் 8-ஐ ஒட்டியே வந்தது. இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 100 மீட்டர் உயரக் குன்று ஒன்று வழியில் நிற்கிறது, மேலே ஏறிப் போகலாமா, சுற்றிப் போகலாமா? சுற்று 800 மீட்டருக்குள் முடிந்தால் சுற்றுவதே லாபம். இதில் உங்கள் வேகம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை.

எங்கள் கணக்கில் இருந்த பக்

இப்போது எங்கள் அக்டோபர் நாளுக்கு வருகிறேன். நாங்கள் போனது நைஸ்மித்தின் மூன்றில் இரண்டு சிகரங்களுக்கு: பென் மோர், 1,174 மீட்டர். அப்புறம் ஸ்டோப் பின்னெயின், 1,165 மீட்டர். அடிவாரம் ஏறத்தாழ 170 மீட்டர். வரைபடத்தில் மொத்தம் 10.5 கிலோமீட்டர். நான் போட்ட கணக்கு இது: 1,174-லிருந்து 170 போனால் 1,004 மீட்டர் ஏற்றம். 1 மணி 40 நிமிடம். தூரத்துக்கு 2 மணி 6 நிமிடம். கூட்டினால் 3 மணி 46 நிமிடம். பதினோரு மணிக்குக் கிளம்பினால் மூணு மணிக்குள் கார்.

முதல் தப்பு இங்கேயே இருக்கிறது. மிக உயர்ந்த புள்ளியிலிருந்து தொடங்கிய புள்ளியைக் கழித்தால் வருவது மொத்த ஏற்றம் ஆகாது. இரண்டு சிகரத்துக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது, உயரம் 862 மீட்டர். பென் மோரிலிருந்து அதில் இறங்கி, மறுபடி 303 மீட்டர் ஏறினால்தான் ஸ்டோப் பின்னெயின். நைஸ்மித் இதில் தெளிவாக இருந்தார். அவர் ஏறின சிகரங்களில் மிக உயரமானதே 3,852 அடிதான். ஆனால் அவர் கணக்கில் எடுத்தது 6,300 அடி. இறங்கி இழந்த உயரத்தை மறுபடி ஏறின ஒவ்வொரு தடவையும் எண்ணியிருக்கிறார். நானும் அப்படிச் செய்திருந்தால் 1,307 மீட்டர் வந்திருக்கும்:

```python
def naismith(km, m):
    return km/5 + m/600

naismith(10.5, 1004)   # 3.77
naismith(10.5, 1307)   # 4.28
```

4 மணி 17 நிமிடம். முப்பது நிமிடம் இப்படிப் போயிற்று. ஆனால் எங்களுக்கு ஆனது 7 மணி 25 நிமிடம். மிச்சம் மூன்று மணி நேரம் எங்கே போனது?

விடை நைஸ்மித்தின் அந்த ஒரே வாக்கியத்திலேயே இருந்தது. நாம் எல்லாரும் அதிலிருந்து 3-ஐயும் 2,000-ஐயும் மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம். ஓரளவு நல்ல உடல் நிலையில் இருப்பவர்களுக்கு என்கிறார் அவர். எளிதான நடைகளுக்கு என்கிறார். தூரத்தை வரைபடத்தில் அளக்கச் சொல்கிறார். அவருடைய ஆறரை மணியில் சின்ன ஓய்வுகளும் அடக்கம். இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் சூத்திரத்தின் பகுதிதான். ஃபங்ஷனை மட்டும் காப்பி பண்ணிவிட்டு மேலே இருந்த கமென்ட்டை அழித்துவிட்ட கதை இது.

ஓய்விலிருந்து ஆரம்பிக்கலாம். நாங்கள் பென் மோர் உச்சியில் 25 நிமிடம் உட்கார்ந்தோம், ஸ்டோப் பின்னெயினில் 15 நிமிடம். மொத்தம் 40. இதை 'சின்ன ஓய்வு' என்று நைஸ்மித் ஒத்துக்கொள்வாரா, சந்தேகம்தான். இன்றைக்கு விதியைப் பயன்படுத்துகிறவர்கள் ஓய்வைத் தனியாகக் கூட்டுவது இதனால்தான்.

அடுத்தது இறக்கம். சூத்திரத்தில் இறக்கம் என்ற சொல்லே இல்லை. நைஸ்மித் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, மறுபடி பள்ளத்தாக்குக்கு இறங்கினார். ஏறின அளவு இறங்கவும் செய்தார். இறங்க ஆன நேரமும் அந்த ஆறரை மணிக்குள்ளேயே கரைந்திருக்கிறது. முழு நாளைக்கும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய பிழை தராது. ஆனால் நாளைத் துண்டு துண்டாக வெட்டி, 'உச்சியிலிருந்து கார் வரை எவ்வளவு நேரம்' என்று கேட்டால், கீழே போகிற வழியெல்லாம் சமதளம் மாதிரி மணிக்கு 5 கிலோமீட்டர் என்று விதி சொல்லும். ஈரப் புல்லும் உருளும் கல்லுமாக இருக்கும் செங்குத்துச் சரிவில் யார் அந்த வேகத்தில் இறங்குவது?

இதைத் திருத்தியவர் எரிக் லாங்மியூர். மலை வழிகாட்டிகளுக்குப் பாடநூலாக இருந்த 'மவுண்டன்கிராஃப்ட் அண்ட் லீடர்ஷிப்' எழுதியவர். 5 முதல் 12 டிகிரி வரை மெதுவான சரிவு என்றால், 300 மீட்டர் இறக்கத்துக்கு 10 நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள். 12 டிகிரிக்கு மேல் செங்குத்து என்றால், 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்டுங்கள். எங்கள் வழியில் செங்குத்தான இறக்கம் மட்டும் கிட்டத்தட்ட 1,000 மீட்டர். பென் மோரிலிருந்து கணவாய்க்கு, ஸ்டோப் பின்னெயினிலிருந்து அதே கணவாய்க்கு, அங்கிருந்து மேற்கே பள்ளத்தாக்குக்கு. அதற்கு 33 நிமிடம். ஆக 4 மணி 50 நிமிடம் நடை, 40 நிமிடம் ஓய்வு. ஐந்தரை மணி நேரம். இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.

மீதி நாங்கள்தான்

அந்த மிச்சத்துக்குப் பெயர் உடல் நிலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் நாலு பேர். நைஸ்மித் சொன்ன 'ஓரளவு நல்ல உடல் நிலை' எது என்று அவர் அளவு கொடுக்கவில்லை. அதற்கு அளவு கொடுக்க முயன்றவர் பிலிப் டிரான்டர் என்ற ஸ்காட்லாந்து மலையேறி. 1966-ல் சாலை விபத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய யோசனை எளிமையானது. அரை மைல் தூரத்தில் 1,000 அடி ஏற உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 15 நிமிடம் என்றால் அபாரம், 50 நிமிடம் என்றால் சுமார். அந்த எண்ணை வைத்து, நைஸ்மித் நேரத்தைத் திருத்த ஒரு அட்டவணை. நாள் நீள நீளக் களைப்பு கூடுவதும் அதில் சேர்ந்திருக்கும்.

நைஸ்மித்தையே இந்தச் சோதனையில் உட்கார வைத்துப் பார்த்தேன். அரை மைலுக்கு 10 நிமிடம், 1,000 அடிக்கு 30 நிமிடம். மொத்தம் 40. டிரான்டரின் அளவில் மெதுவான பக்கம்! அதாவது நைஸ்மித் விதி ஒன்றும் வீரர்களுக்கான கணக்கு இல்லை. ஓய்வையும் இறக்கத்தையும் உள்ளே வைத்துப் பார்த்தால், ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் நிதானமான நடை.

எங்கள் நாலு பேருக்கு எவ்வளவு? பென் மோர் உச்சி வரை வரைபடத்தில் 3 கிலோமீட்டர், ஏற்றம் 1,004 மீட்டர். விதிப்படி 36 நிமிடமும் 100 நிமிடமும், மொத்தம் 136. நாங்கள் உச்சியைத் தொட்டது 2 மணி 10-க்கு, அதாவது 190 நிமிடம். 190-ஐ 136-ஆல் வகுத்தால் 1.4. எங்கள் எண் அது. விதி ஒரு மணி என்றால் எங்களுக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்.

இப்போது அந்த உச்சியில் நின்றே மீதி நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்து எழுந்தபோது மணி 2:35. மீதித் தூரம் 7.5 கிலோமீட்டர், 90 நிமிடம். மீதி ஏற்றம் 303 மீட்டர், 30 நிமிடம். செங்குத்து இறக்கத்துக்கு 33 நிமிடம். மொத்தம் 153. அதை 1.4-ஆல் பெருக்கினால் 214 நிமிடம். ஓய்வு 15. ஆக 3 மணி 49 நிமிடம். 2:35-லிருந்து எண்ணினால் 6:24. நாங்கள் உண்மையில் வந்து சேர்ந்தது 6:25.

ஒரு நிமிடம் வரை பொருந்தியது தற்செயல். நைஸ்மித்தின் ஆறரை மணிக்கும் அந்த ஒரு நிமிட வித்தியாசத்துக்கும் கொடுக்க வேண்டிய மரியாதையைத்தான் இதற்கும் கொடுக்கவேண்டும். பத்து இருபது நிமிடம் இப்படியோ அப்படியோ போயிருந்தாலும் முடிவு மாறாது. மதியம் 2:35-க்கே, பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே, நாங்கள் சூரியன் மறைந்த பிறகுதான் திரும்புவோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தேவையான எண்கள் எல்லாம் கையில் இருந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு வகுத்தல் போட்டிருந்தால், இரண்டாவது சிகரத்தை விட்டுவிட்டு, கணவாயிலிருந்து நேரே கீழே இறங்கி வெளிச்சத்திலேயே வீடு திரும்பியிருப்போம். நாங்கள் அங்கே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

போன் சொல்லும் தூரத்தை இந்தக் கணக்கில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் போன் அன்றைக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. அது ஒவ்வொரு வளைவையும், ஜிபிஎஸ் அங்கும் இங்கும் துள்ளுவதையும் சேர்த்து எண்ணும். ஏற்றத்திலும் அப்படியே. உயரம் இரண்டு மீட்டர் ஆடினால் அதையும் ஏற்றமாகக் கூட்டிவிடும் செயலிகள் உண்டு. நைஸ்மித் வேண்டுமென்றே வரைபடத் தூரம் என்று சொன்னார். 1892-ல் வேறு வழியும் இல்லை. அவருடைய 3 மைல் அந்த அளவுகோலுக்கு ஏற்றது. அளவுகோலை மாற்றினால் எண்ணையும் மாற்றவேண்டும்.

இப்போதெல்லாம் மலைக்குப் போகும்போது நைஸ்மித் நேரத்தை வீட்டிலேயே போட்டு, துண்டு துண்டாக ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். முதல் துண்டு முடிந்ததும் ஆன நேரத்தை எழுதின நேரத்தால் வகுக்கிறேன். அந்த எண் 1.4-க்கு மேல் போனால் மீதி நாளை அங்கேயே திரும்பக் கணக்குப் போடுகிறேன். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, இதை அன்னைக்கே பண்ணியிருக்கலாம்ல?" என்றான். பண்ணியிருக்கலாம்தான்.